இணையவழி பி2பி கடனில் ‘ரெண்டு வட்டி’: பணம் எப்படித் தேய்கிறது, இழப்பை எப்படிக் கட்டுக்குள் வைப்பது

ஆந்திராவின் நகரி, புத்தூர், ஏகாம்பரகுப்பம் வட்டாரத்தில் கையில் நாலு காசு சேர்ந்தவர்கள் அதை வட்டிக்கு விடுவது இன்று நேற்று வந்த வழக்கம் அல்ல. விசைத்தறி வைத்திருப்பவருக்கு நூல் வாங்கவோ, மாந்தோப்புக்காரருக்குக் காய் வெட்டும் வரை செலவுக்கோ பணம் தேவைப்படும்போது, ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிய பிராமிசரி நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ‘ரெண்டு வட்டி’க்குக் கொடுப்பார்கள். நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய் என்பது அதன் பொருள். ஆண்டுக்கு 24 சதவீதம். இருபது ஆண்டுகளாக இந்தப் பகுதித் தறிக்காரர்களுக்குக் கணக்கெழுதி வருபவன் என்ற முறையில், அப்படிக் கொடுத்த பணம் முழுதாகத் திரும்பியதையும் பாதியில் நின்றதையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் சென்ற ஆண்டு ஊருக்கு வந்தபோது கைப்பேசியை நீட்டி, “மாமா, இதுவும் நம்ம ஊர் ரெண்டு வட்டிதானே? வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டிய வேலைகூட இல்லை” என்று கேட்டான். திரையில் ஒரு பி2பி கடன் தளமும், அதில் கடன் கேட்பவர்களின் பட்டியலும், ஒவ்வொருவர் பெயருக்கு எதிரே 24 சதவீதம், 28 சதவீதம் என்று வட்டி விகிதமும் இருந்தன. இரண்டும் ஒன்றல்ல என்பதை அன்று இரவு ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அந்தக் கணக்கையும், அதற்குப் பிறகும் இதில் பணம் போட நினைப்பவர் எந்த வரிசையில் என்னென்ன செய்ய வேண்டும் என்பதையும் இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

இந்தத் தளம் என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை

பி2பி தளம் என்பது கடன் கொடுக்க விரும்பும் தனிமனிதரையும் கடன் வாங்க விரும்பும் தனிமனிதரையும் சேர்த்து வைக்கும் இடைத்தரகு நிறுவனம். ரிசர்வ் வங்கி 2017 அக்டோபரில் இதற்கென விதிகளை வெளியிட்டு, இந்தத் தளங்களை வங்கியல்லாத நிதி நிறுவனங்களில் ஒரு தனி வகையாகப் பதிவு செய்யச் சொன்னது. அந்த விதிகளின்படி தளம் தன் சொந்தப் பணத்தைக் கடனாகக் கொடுக்கக் கூடாது. கடன் திரும்பாவிட்டால் நான் தருகிறேன் என்று உத்தரவாதம் அளிக்கவும் கூடாது. கடனுக்கு ஈடாக நகை, நிலம் எதையும் பெற முடியாது. ஆகவே இங்கே நடப்பவை எல்லாம் ஈடில்லாக் கடன்கள். வங்கி வைப்புத்தொகைக்கு 5 லட்சம் ரூபாய் வரை இருக்கும் காப்பீடு இந்தப் பணத்துக்குக் கிடையாது, ஏனெனில் இது வைப்புத்தொகையே அல்ல. கடன் வாங்கியவர் கொடுக்காவிட்டால் நட்டம் முழுவதும் கொடுத்தவரைச் சேரும்.

நோட்டு எழுதி வாங்கும்போது நமக்கு இருக்கும் பாதுகாப்பு அந்தத் தாளில் இருப்பதாக நினைப்பது தவறு. வாங்குபவரின் வீட்டில் எத்தனை தறி ஓடுகிறது, அவருடைய சம்பந்தி யார், போன வருடம் வேறு யாரிடம் வாங்கி எப்படிக் கட்டினார் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். நமக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அதுதான் உண்மையான பிணை. தளத்தில் கடன் கேட்பவர் புனேயிலோ ஹைதராபாத்திலோ இருக்கிறார். அவரைப் பற்றி நாம் அறிவது ஒரு சிபில் எண், மாதச் சம்பளம், தளம் கொடுத்த ஒரு தரக் குறியீடு, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் நேராகச் சொல்ல வேண்டும். 24 அல்லது 28 சதவீத வட்டிக்குச் சம்மதிக்கும் ஒருவர், அதைவிடக் குறைந்த வட்டிக்கு வங்கியில் தனிநபர் கடன் கிடைத்திருந்தால் அங்கேயே போயிருப்பார். அங்கே மறுக்கப்பட்டவர்களும், ஏற்கெனவே இரண்டு மூன்று செயலிகளில் வாங்கிய கடனை அடைக்கப் புதுக் கடன் தேடுபவர்களும் இந்தப் பட்டியலில் கூடுதலாக இருப்பது இயல்பு. அவர்களில் பெரும்பாலோர் நாணயமானவர்கள்தாம். ஆனால் ஒரு மாதம் வேலை போனாலோ வீட்டில் ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்தாலோ தவணை நின்றுவிடும் நிலையில் வாழ்பவர்கள். அந்த உயர்ந்த வட்டி, இந்த நிலைக்குத் தரப்படும் விலை.

24 சதவீதம் கையில் எவ்வளவாக வருகிறது

ஊர் வட்டியில் ஒரு லட்சம் கொடுத்தால் அசல் ஆண்டு முழுவதும் வாங்கியவரிடம் அப்படியே இருக்கிறது. மாதம் 2,000 வீதம் ஆண்டுக்கு 24,000 ரூபாய் வட்டி வருகிறது. தளத்தில் கடன் மாதத் தவணையாகத் திரும்புகிறது. ஒவ்வொரு தவணையிலும் அசலில் ஒரு பகுதி அடைபடுவதால், அடுத்த மாத வட்டி மிச்சமுள்ள அசலுக்கு மட்டுமே கணக்கிடப்படுகிறது.

அக்கா மகனுக்காக எடுத்துக்கொண்ட கணக்கு இது. ஒரு லட்சம் ரூபாயை 50 பேருக்குத் தலா 2,000 வீதம், 12 மாதத் தவணையில், 24 சதவீத வட்டிக்குக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கடனுக்கான மாதத் தவணை 189 ரூபாய். பன்னிரண்டு தவணையும் வந்தால் 2,268 ரூபாய். அதில் வட்டி வெறும் 268. ஐம்பது பேரும் ஒரு நாள்கூடத் தவறாமல் கட்டினாலும் வட்டி 13,400 ரூபாய்தான். திரும்பி வரும் தவணைகளை உடனுக்குடன் மறுபடி கடனாகக் கொடுத்தால் மட்டுமே 24 சதவீதம் என்ற எண்ணை நெருங்க முடியும். அப்படிக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் புதிய ஆள், புதிய ஆபத்து.

இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒழுங்காகக் கட்டுபவர் ஒருவரால் நமக்குக் கிடைப்பது 268 ரூபாய். முதல் தவணைகூடக் கட்டாமல் மறைந்துபோகும் ஒருவரால் போவது 2,000 ரூபாய். அதாவது ஒருவர் செய்த நட்டத்தை ஈடுகட்ட, ஏழு பேருக்கு மேல் கடைசித் தவணை வரை ஒழுங்காகக் கட்டியாக வேண்டும்.

இப்போது ஐம்பதில் நான்கு பேர் தவறுவதாகக் கொள்வோம். ஒருவர் ஒரு தவணையும் கட்டவில்லை. இன்னொருவர் 2 தவணைக்குப் பிறகும், மூன்றாமவர் 4 தவணைக்குப் பிறகும், நான்காமவர் 6 தவணைக்குப் பிறகும் நிறுத்திவிட்டார்கள். வராமல் போன தவணைகள் மொத்தம் 36. அதாவது 6,804 ரூபாய். வர வேண்டிய 1,13,400 ரூபாயில் இதைக் கழித்தால் கையில் வந்தது 1,06,596. தளத்தின் கட்டணம் அசலில் ஒரு சதவீதம் என்றும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி என்றும் கொண்டால் 1,180 ரூபாய் போய்விடும். மிச்சம் 5,416 ரூபாய் லாபம்.

வருமான வரியில்தான் பலர் அதிர்ச்சியடைகிறார்கள். வந்த வட்டி, ‘பிற வருமானம்’ என்ற தலைப்பில் உங்கள் வருமானத்தோடு சேர்க்கப்படுகிறது. நம் கணக்கில் வட்டியாக வந்தது ஏறக்குறைய 12,740 ரூபாய். திரும்பாமல் போன அசல் சுமார் 6,145 ரூபாயை அந்த வட்டியிலிருந்து கழித்துக்காட்ட, வட்டித் தொழில் நடத்தாத சாதாரணச் சம்பளக்காரருக்குப் பொதுவாக வழியில்லை. வாராக்கடனைச் செலவாகக் கழிக்கும் சலுகை தொழில் வருமானத்துக்கு உரியது. ஆகவே 20 சதவீத வரி அடுக்கில் இருப்பவர் மேல்வரியும் சேர்த்து 12,740 ரூபாய்க்கும் 2,650 ரூபாய் கட்ட வேண்டும். கடைசியில் மிஞ்சுவது 2,766 ரூபாய்.

இதை வங்கி வைப்போடு நியாயமாக ஒப்பிட வேண்டும் என்றால், ஒரு லட்சமும் ஆண்டு முழுவதும் தளத்தில் இல்லை என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். சராசரியாக 56,000 ரூபாய்தான் வெளியே இருந்தது. அந்த 56,000 ரூபாய்க்கு 7 சதவீத வைப்பு வட்டி 3,920. அதே வரி போக ஏறக்குறைய 3,100 ரூபாய். ஆக, நூற்றுக்கு எட்டுப் பேர் தவறினாலே 24 சதவீதக் கடன் வங்கி வைப்புக்குக் கீழே வந்துவிடுகிறது. எட்டு என்பது நான் கணக்குக்காக எடுத்த எண். அது ஐந்தாக இருந்தால் நிலைமை மேல், பன்னிரண்டாக இருந்தால் அசலே குறையும். எந்த எண் வரும் என்பது முன்கூட்டித் தெரியாது. அதைத்தான் ஆபத்து என்கிறோம்.

முதல் படி: நிறுவனமும் பணம் போகும் வழியும்

செயலியின் பெயரை நம்பாமல், அதை நடத்தும் கம்பெனியின் முழுப் பெயரை அதன் விதிமுறைப் பக்கத்தில் கண்டுபிடியுங்கள். ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் NBFC-P2P என்ற இந்தத் தனி வகையில் பதிவு பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. கம்பெனிப் பெயர் எழுத்துக்கு எழுத்து அதில் இருக்க வேண்டும். எங்கள் பார்ட்னர் நிறுவனம் பதிவு பெற்றது என்ற பதில் வந்தால், பணமும் ஒப்பந்தமும் அந்தப் பதிவு பெற்ற நிறுவனத்தின் பெயரில்தான் நடக்கின்றனவா என்று பாருங்கள்.

பணம், தளம் தொட முடியாதபடி வங்கியின் டிரஸ்டி நிர்வகிக்கும் எஸ்க்ரோ என்ற தனிக் கணக்கு வழியாக மட்டுமே போக வேண்டும், ரொக்கம் கூடாது என்பது விதி. கொடுப்பவர்களின் பணத்துக்கு ஒரு கணக்கு, திரும்பும் தவணைக்கு இன்னொரு கணக்கு என்று இரண்டு இருக்கும். யாராவது ஒரு முகவர் தன் யுபிஐ எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் அது பி2பி கடனே அல்ல. அத்தோடு பேச்சை நிறுத்திவிடலாம்.

இரண்டாம் படி: ‘எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்’ என்ற சொல்

இதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். 2023இல் ஒரு தளத்தில் 60,000 ரூபாய் போட்டேன். கடன்காரர்களை நான் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு திட்டம், அதற்கு ஒரு வட்டி, எப்போது கேட்டாலும் ஒரே நாளில் பணம் என்று சொன்னார்கள். பல மாதங்கள் அது அப்படியே நடந்தது. இரண்டு முறை சிறு தொகை எடுத்துப் பார்த்தேன், மறுநாளே வந்தது. அதனால் நம்பினேன். கணக்கெழுதும் தொழிலில் இருந்துகொண்டு, பன்னிரண்டு மாதக் கடனாகப் போன பணம் எப்படி ஒரே நாளில் திரும்ப முடியும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். புதிதாகப் பணம் போடுபவர் என் இடத்தில் அமர்த்தப்பட்டதால்தான் அது திரும்பியது.

2024 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி விதிகளை இறுக்கியது. ஒரு கொடுப்பவரின் பணத்தைக் கொண்டு இன்னொரு கொடுப்பவருக்குத் திருப்பித் தரக் கூடாது. உறுதியான குறைந்தபட்ச வருமானம், எப்போதும் எடுக்கும் வசதி என்றெல்லாம் சொல்லி இதை முதலீட்டுத் திட்டமாக விளம்பரம் செய்யக் கூடாது. எஸ்க்ரோ கணக்கில் வந்த பணம் மறுநாளுக்கு மேல் அங்கே தங்கக் கூடாது என்று தெளிவாக்கியது. அதன் பிறகு நான் எடுக்கக் கேட்டபோது, கடன்காரர்களின் தவணை வர வரத்தான் கிடைக்கும் என்று பதில் வந்தது. மாதாமாதம் சிறிது சிறிதாக வந்து பதினான்கு மாதங்களில் 51,000 சொச்சம் ரூபாய் சேர்ந்தது. மீதி வாராக்கடன் என்று எழுதப்பட்டது. என் பணம் யார் யாரிடம் போயிருந்தது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இப்போதும் யாராவது நிலையான வட்டியும் நினைத்தபோது எடுக்கும் வசதியும் சேர்த்துச் சொன்னால், அந்தத் தளம் விதிக்கு வெளியே நடக்கிறது என்று கொள்ளுங்கள். விதிப்படி, கடன் வாங்கும் ஒவ்வொருவரையும் நீங்கள் தனித்தனியாக ஒப்புக்கொண்டு, எல்லாரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகுதான் பணம் போக வேண்டும்.

மூன்றாம் படி: மொத்தம் எவ்வளவு, தலைக்கு எவ்வளவு

சட்டம் சில உச்சவரம்புகளை வைத்திருக்கிறது. எல்லாத் தளங்களையும் சேர்த்து ஒருவர் 50 லட்சத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது. 10 லட்சத்தைத் தாண்டினால், நிகரச் சொத்து குறைந்தது 50 லட்சம் என்று ஆடிட்டர் சான்று தர வேண்டும். ஒரே ஆளுக்கு ஒரு கொடுப்பவர் எல்லாத் தளங்களிலும் சேர்த்து 50,000 ரூபாய்க்கு மேல் கொடுக்க முடியாது. கடன் 36 மாதத்துக்கு மேல் நீளக் கூடாது. இவை அதற்கு மேல் போகாதே என்று போட்ட வேலிகள். அதுவரை போனால் பத்திரம் என்று அவற்றுக்குப் பொருள் இல்லை.

மொத்தத் தொகைக்கு நான் சொல்லும் அளவு, சேமிப்பில் இருபதில் ஒரு பங்கு. காரணம் எளியது. மீதிப் பத்தொன்பது பங்கு 7 சதவீத வைப்பில் இருந்தால், வரி போக ஓராண்டில் ஈட்டுவது ஏறக்குறைய ஒரு பங்கு. பி2பியில் போட்டது ஒரு ரூபாய்கூடத் திரும்பாத மோசமான நிலையிலும், ஓராண்டு வட்டியோடு அந்த இழப்பு முடிந்துவிடும். அசல் சேமிப்பு அப்படியே நிற்கும். பெண் கல்யாணத்துக்கோ பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கோ தேதி குறித்து வைத்த பணத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அது திரும்பும் தேதி நம் கையில் இல்லை.

தலைக்கு எவ்வளவு என்பதுதான் இழப்பைக் கட்டுப்படுத்தும் முக்கியமான பிடி. ஒரு லட்சத்தை இரண்டு பேருக்கு ஐம்பதாயிரமாகக் கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு எட்டுப் பேர் தவறும் கூட்டத்தில், இருவரில் குறைந்தது ஒருவராவது தவறுவதற்கான வாய்ப்பு நூற்றுக்குப் பதினைந்து. அது நடந்தால் பணத்தில் பாதி போகும் அபாயம். அதே பணத்தை ஐம்பது பேருக்குப் பிரித்தால், யாராவது ஒருவராவது தவறுவது கிட்டத்தட்ட நிச்சயம். ஆனால் ஒருவர் தவறினால் போவது நூற்றில் இரண்டுக்கு மேல் இல்லை. பிரிப்பதால் தவறுபவர்களின் விகிதம் குறையாது. இது பலருக்குப் புரிவதில்லை. இழப்பு வட்டிக்குள் அடங்கும் அளவில் நிற்பதற்கான வாய்ப்பைத்தான் பிரிப்பது கூட்டுகிறது. ஐம்பதுக்குக் குறைந்த எண்ணிக்கையில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. நூறு பேர் என்றால் இன்னும் நல்லது. தளத்தின் குறைந்தபட்சத் தொகை அதற்கு இடம் தரவில்லை என்றால், அந்தத் தளம் உங்கள் தொகைக்குப் பொருந்தாது.

பிரிப்பதிலும் ஒரு பொறி உண்டு. ஐம்பது பேரும் ஒரே காற்றுக்கு ஆடும் மரங்களாக இருந்தால் ஐம்பது என்ற எண்ணுக்குப் பொருள் இல்லை. ஆந்திர மாநிலம் இதை ஒருமுறை கண்ணெதிரே கண்டிருக்கிறது. மைக்ரோபைனான்ஸ் நிறுவனங்கள் கிராமப் பெண்களின் குழுக்களுக்குச் சிறு சிறு கடன்களாக ஏராளமானோருக்குப் பிரித்துத்தான் கொடுத்திருந்தன. கடன் நெருக்கடியால் தற்கொலைகள் நடந்ததாகச் செய்திகள் வந்து, 2010 அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்ததும், மாநிலம் முழுவதும் தவணை கட்டுவது ஏறக்குறைய ஒரேயடியாக நின்றது. சிறு தொகை, நிறைய ஆள் என்ற பாதுகாப்பு அன்று உதவவில்லை, ஏனெனில் எல்லாரும் ஒரே மாநிலத்தில், ஒரே வகைக் கடனில் இருந்தார்கள். நம் ஊரில் நூல் விலை ஏறித் தறிகள் நின்றால் ஒரே தெருவில் பத்து நோட்டுகள் ஒரே மாதத்தில் நிலுவையாவதும் இதே காரணத்தால்தான். ஆகவே தேர்ந்தெடுக்கும்போது மாநிலம், தொழில், சம்பளக்காரரா சுயதொழிலா என்பதைப் பார்த்துக் கலந்து எடுங்கள். ஒரு மாநிலத்துக்கு நான்கில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம்.

நான்காம் படி: கடன் கேட்பவரின் பக்கத்தைப் படிப்பது

தரக் குறியீட்டைக் கடைசியில் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது, அவருடைய மாதச் சம்பளத்தில் ஏற்கெனவே எவ்வளவு தவணைக்குப் போகிறது என்பது. 28,000 ரூபாய் சம்பளத்தில் 13,000 ரூபாய் தவணை கட்டும் ஒருவருக்கு வாடகையும் மளிகையும் போக மிச்சம் இருக்காது; அவருடைய சிபில் எண் 740 ஆக இருந்தாலும் நான் விலகிவிடுவேன். சிபில் எண் நேற்று வரை அவர் எப்படிக் கட்டினார் என்பதைச் சொல்கிறது. புதுக் கடனை வாங்கிப் பழைய கடனைக் கட்டும் வரை அந்த எண் நன்றாகவே இருக்கும். புதுக் கடன் கிடைக்காத மாதத்தில்தான் விழும்.

அடுத்து, கடைசி இரண்டு மூன்று மாதங்களில் எத்தனை இடத்தில் கடன் கேட்டிருக்கிறார் என்ற விவரம் தரப்பட்டிருந்தால் அதைப் பாருங்கள். ஆறேழு இடங்களில் கேட்டிருந்தால் அவர் நெருக்கடியில் இருக்கிறார். ஒருவர் எல்லா பி2பி தளங்களிலும் சேர்த்து 10 லட்சத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்ற வரம்பு இருக்கிறது. ஆனால் வங்கி, கிரெடிட் கார்டு, கடன் செயலிகள், ஊரில் வாங்கிய கைமாற்று எதுவும் அந்த வரம்பில் சேராது.

பட்டியலில் மிக உயர்ந்த வட்டி காட்டும் கடன்களை முதல் ஆண்டு தொடவே வேண்டாம். குறுகிய காலக் கடனை, 12 மாதத்துக்கு உட்பட்டதை, முதலில் எடுங்கள். கடன்காரரின் நிலை மூன்று ஆண்டுகளில் மாறும் அளவுக்கு ஓராண்டில் மாறாது. ஆட்டோ இன்வெஸ்ட் என்ற தானியங்கி வசதியை அணைத்து வைத்துவிட்டு, மொத்தத் தொகையை நான்கைந்து மாதங்களில் பிரித்துப் போடுங்கள். முதலில் கொடுத்தவை எப்படி நடக்கின்றன என்று பார்த்த பிறகு அடுத்ததைக் கொடுக்க அது வாய்ப்புத் தரும்.

ஐந்தாம் படி: தளம் காட்டும் வாராக்கடன் எண்ணைச் சந்தேகத்தோடு பார்ப்பது

தளங்கள் தங்கள் கடன்களின் நிலையையும், வாராக்கடன் பங்கையும், கொடுத்தவர்கள் அடைந்த இழப்பையும் மாதாமாதம் வெளியிட வேண்டும். தவணை 90 நாளைத் தாண்டினால்தான் அது வாராக்கடன் என்று எண்ணப்படுகிறது. வேகமாக வளரும் தளத்தில் இந்த எண் இயல்பாகவே சிறிதாகத் தெரியும். சென்ற ஆண்டு கொடுத்த 1,000 கடன்களில் 80 கெட்டிருக்கலாம். இந்த மூன்று மாதத்தில் புதிதாகக் கொடுத்த 3,000 கடன்களில், 90 நாளே ஆகாததால், ஒன்றும் கெட்டதாகக் காட்டப்படாது. சேர்த்துப் பார்த்தால் 4,000க்கு 80, அதாவது இரண்டு சதவீதம். உண்மையில் பழுத்த கடன்களில் கெட்டது எட்டு சதவீதம். ஆகவே தளத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள்: ஒன்றரை ஆண்டுக்கு முன் ஒரு குறிப்பிட்ட மாதத்தில் கொடுத்த கடன்களில், இன்று வரை நின்றுபோனவை எத்தனை? பதில் தராத தளத்துக்குப் பணம் தராமல் இருப்பது நல்லது.

ஆறாம் படி: கொடுத்த பிறகு கவனிப்பது

ஒவ்வொரு கடனின் ஒப்பந்தத்தையும் இறக்கி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். தளம் நாளை மூடப்பட்டாலும் கடன் உங்களுக்கும் வாங்கியவருக்கும் இடையே உள்ளது. அந்தச் சூழலில் கடன்களைத் தொடர்ந்து வசூலிக்க ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஆனாலும் ஆதாரம் கையில் இல்லாதவர் வரிசையில் கடைசியில்தான் நிற்பார்.

திரையில் DPD என்று ஒரு கட்டம் இருக்கும். தவணை தவறி எத்தனை நாள் ஆனது என்பதைக் காட்டுவது அது. 10, 15 என்று வந்து மறைந்தால் சம்பளம் தாமதமாகியிருக்கலாம். 30ஐத் தாண்டினால் அடுத்த தவணையும் தவறிவிட்டது என்று பொருள். அதிலிருந்து மீண்டு வருபவர்கள் குறைவு. முதல் தவணையே வராமல் போனால் அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அது வறுமையைவிட ஏமாற்றும் எண்ணத்தையோ தளத்தின் சரிபார்ப்புக் குறையையோ காட்டுகிறது. ஐம்பது கடன்களில் இப்படி இரண்டு வந்தால், அந்தத் தளத்தில் புதிய கடன் கொடுப்பதை நிறுத்திவிடுவேன்.

தளம் காட்டும் வருமான சதவீதத்தை நம்பாமல் நீங்களே ஒரு விரிதாளில் கணக்கு வையுங்கள். A நெடுவரிசையில் தேதி, B நெடுவரிசையில் தொகை; போட்டதைக் கழித்தல் குறியோடும், உங்கள் வங்கிக் கணக்குக்கு உண்மையில் திரும்பி வந்ததைக் கூட்டலாகவும் எழுதுங்கள். கடைசி வரியில் இன்றைய தேதியும் இன்னும் வெளியே இருக்கும் அசலின் மதிப்பும். அந்த மதிப்பைப் போடும்போது, ஒழுங்காகவோ 30 நாளுக்குள் தாமதமாகவோ நடப்பதை முழுதாகவும், 30 முதல் 90 நாள் தாமதமானதைப் பாதியாகவும், 90ஐத் தாண்டியதைப் பூஜ்யமாகவும் எழுதுங்கள். பிறகு, 20 இருக்கும் இடத்தில் உங்கள் கடைசி வரியின் எண்ணைப் போட்டு, இந்தச் சூத்திரம்:

```
=XIRR(B2:B20, A2:A20)
```

வரும் எண், வரிக்கு முந்தைய உங்கள் உண்மையான ஆண்டு வருமானம். என் பழைய திட்டத்துக்கு இதைப் போட்டுப் பார்த்தபோது கழித்தல் குறியோடு வந்தது. தளத்தின் முகப்பில் அதே நாளில் பச்சை நிறத்தில் 11 சதவீதம் என்று இருந்தது.

நின்றுபோன கடனை வசூலிக்க வழக்கு, நடுவர் தீர்ப்பு, கணக்கில் பணம் இல்லாமல் திரும்பிய மின் தவணைக்கான குற்ற நடவடிக்கை என்று வழிகள் உள்ளன. ஆனால் 2,000 ரூபாய்க்காகப் புத்தூரிலிருந்து புனே நீதிமன்றத்துக்கு யாரும் போக மாட்டார்கள். எல்லாரின் சார்பிலும் தளம்தான் முயல வேண்டும்; அது வசூலித்தால் லாபம், இல்லையென்றால் போனது என்ற நினைப்பிலேயே ஆரம்பத்தில் தொகையைத் தீர்மானிக்க வேண்டும்.

வெளியேறுவது

வெளியேற வேண்டுமானால் புதிய கடன் கொடுப்பதை நிறுத்துவதும், வரும் தவணைகளை வங்கிக் கணக்குக்கு மாற்றிக்கொண்டே இருப்பதும்தான் வழி. 12 மாதக் கடன்களில் முதல் ஆறு மாதத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான அசல் திரும்பும். கடைசிச் சில கடன்களில்தான் தாமதங்கள் தேங்கி நிற்கும். 36 மாதக் கடன்களை எடுத்தவருக்கு இதே வேலை மூன்று ஆண்டுகள் இழுக்கும்.

அக்கா மகன் ஒரு லட்சம் போட நினைத்திருந்தான். அந்தத் தாளைப் பார்த்த பிறகு, தலைக்கு 500 ரூபாய் வீதம் ஐந்து மாதங்களில் ஐம்பது பேருக்கு, மொத்தம் 25,000 ரூபாய் கொடுத்தான். நான்காவது மாதம் அனுப்பிய படத்தில் நாற்பது வரிகள் இருந்தன. முப்பத்தெட்டில் DPD பூஜ்யம், ஒன்றில் 6, ஒன்றில் 34. அந்த 34 யார் என்று பார்த்தான். 13 சதவீதம் கூடுதல் வட்டி காட்டியதற்காக, நான் வேண்டாம் என்ற பிறகும் எடுத்த ஒரே கடன் அது. ஐந்தாவது மாதத்துக்குரிய பத்துக் கடன்களையும் பட்டியலின் அடிப்பகுதியிலிருந்து, குறைந்த வட்டிக்காரர்களிலிருந்து எடுத்திருக்கிறான்.